ஏரி வற்றாமல் காத்த ஆல்கஹால்

மழை குறைந்த ஆஸ்திரேலியாவில் நீர்த்தேக்கங்களுக்குப் பெரிய எதிரி வெயில். குடிக்கவும் பாய்ச்சவும் சேர்த்து வைத்த தண்ணீரில் கணிசமான பங்கு யாருக்கும் பயன்படாமல் ஆவியாகிப் போய்விடும். 1950களில் அந்நாட்டு அரசு ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பணியாற்றிய மான்ஸ்ஃபீல்ட் இதற்கு ஒரு வழி தேடினார். மெழுகுபோல் வெளுத்த ஒரு பொருளை நீர்ப்பரப்பில் பரவவிட்டார். அது கண்ணுக்கே தெரியாத படலமாக நீரை மூடிக்கொண்டது. காற்று அமைதியாக இருந்தவரை தண்ணீர் ஆவியாவது குறைந்தது. பலத்த காற்று அடித்தால் படலம் கிழிந்து கரையோரம் ஒதுங்கிவிடும். அந்தத் திட்டத்தின் பலவீனம் அதுதான்.

அந்த மெழுகின் பெயர் சீட்டைல் ஆல்கஹால்.

போன மாதம் என் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுடைய மூன்று வயது மகனுக்கு முழங்கை மடிப்பில் தோல் வறண்டு சொரசொரப்பாகிவிட்டது. மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து டியூபைத் திருப்பிப் படித்தால், தண்ணீருக்கு அடுத்ததாகச் 'சீட்டோஸ்டீரைல் ஆல்கஹால்' என்று இருந்ததாம். "ஏற்கெனவே காஞ்சுபோன தோல்ல ஆல்கஹாலைத் தடவச் சொல்றாரேக்கா" என்றாள். ஊசி போடுமுன் பஞ்சில் நனைத்துத் தேய்க்கிற ஸ்பிரிட்தான் அவள் நினைவில் இருந்தது. தொட்ட இடம் சில்லென்று குளிர்ந்து, அடுத்த கணமே காய்ந்து வெளுத்துப் போகுமே, அது.

அவள் பயந்ததில் தவறில்லை. ஆனால் ஊசி போடும் இடத்து ஸ்பிரிட்டையும் ஏரி வற்றாமல் காத்த மெழுகையும் ஒரே பெயரால் அழைக்கும் வேதியியலின் பழக்கத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

'ஆல்கஹால்' என்ற சொல் புறப்பட்ட இடமே அலங்காரப் பெட்டிதான். அரபியில் 'அல்-குஹ்ல்' என்றால் கண்ணுக்கு இடும் மை. நம்மூர் இஸ்லாமியர் வீடுகளில் சுருமா என்பார்களே, அந்த வகை. கனிமத்தை மாவாக இடித்துச் சலித்து எடுத்த நுண்ணிய பொடி அது. ஐரோப்பிய ரசவாதிகளின் கைக்குப் போனதும் அந்தச் சொல், எதையும் சுத்தப்படுத்திப் பிரித்தெடுத்த சாரத்துக்குப் பெயரானது. திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்த சாரம் 'மதுவின் ஆல்கஹால்' ஆயிற்று. காலப்போக்கில் முன்னொட்டு உதிர்ந்து, ஆல்கஹால் என்றாலே சாராயம் என்று நிலைத்துவிட்டது.

இன்றைய குழப்பத்துக்கு வித்திட்டவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு வேதியியலாளர்கள். கெட்ட எண்ணம் எதுவும் அவர்களுக்கு இல்லை. கொழுப்புகளின் வேதியியலுக்கு அடித்தளமிட்ட மிஷேல் ஷெவ்ரல், எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையில் கிடைக்கும் மெழுகைக் காரத்துடன் சேர்த்துச் சூடாக்கி, 1817இல் ஒரு புதுப் பொருளைப் பிரித்தார். ஈதர், ஆல்கஹால் இரண்டின் முதல் எழுத்துகளையும் கோத்து அதற்கு 'ஈத்தால்' என்று பெயரிட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின், 1836இல், டூமாவும் பெலிகோவும் அதன் அமைப்பை ஆராய்ந்தார்கள். சாராயத்தின் மூலக்கூறு எந்த வகையான வேதிவினைகளில் ஈடுபடுகிறதோ, அதே வகை வினைகளில் இந்தத் திமிங்கில மெழுகும் ஈடுபட்டது. ஆகவே இதுவும் ஆல்கஹால்தான் என்று அறிவித்தார்கள். அன்றோடு ஆல்கஹால் ஒரு பொருளின் பெயராக இல்லாமல் ஒரு குலத்தின் பெயரானது. லத்தீனில் திமிங்கிலத்தைக் குறிக்கும் 'சீட்டஸ்' என்ற சொல்லிலிருந்து அந்த மெழுகுக்குச் சீட்டைல் என்ற பெயர் வந்தது. வேதியியலார் குலப்பெயராக எடுத்துக்கொண்டதைக் கடைத்தெரு இன்றுவரை தனிப்பெயராகவே வாசிக்கிறது.

அந்தக் குலத்தின் அடையாளம் என்ன? மூலக்கூறின் ஒரு முனையில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு தலை, OH. அவ்வளவுதான். அந்தத் தலை தண்ணீரை விரும்பும். அதன் பின்னால் கார்பன் அணுக்கள் கோத்த வால் ஒன்று இருக்கும். அது தண்ணீரை வெறுத்து எண்ணெயோடு சேரும். பெயர் தலையைப் பார்த்து வைக்கப்படுகிறது. தோலுக்கு என்ன நேரும் என்பதைப் பெரும்பாலும் வால்தான் முடிவு செய்கிறது.

இந்த வாலை ஒவ்வொரு கண்ணியாக நீட்டிப் பார்ப்பது வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த காட்சிகளில் ஒன்று. இரண்டு கார்பன் என்றால் எத்தனால், C2H5OH; அதாவது சாராயம். வால் மிகக் குட்டை என்பதால் தலையின் பேச்சே எடுபடுகிறது. தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும், 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், திறந்து வைத்தால் பறந்துவிடும். நான்கு கார்பன் ஆனதும் தண்ணீரில் ஓரளவுக்கு மேல் கரைய மறுக்கிறது. பன்னிரண்டில் லாரைல் ஆல்கஹால். அது 24 டிகிரியில் உருகும். தேங்காயெண்ணெய் உருகுவதும் ஏறக்குறைய அதே வெப்பத்தில்தான். சென்னையில் திரவமாக இருக்கும் குப்பி ஊட்டிக்குப் போனால் உறைந்துவிடும். பதினாறில் நம் சீட்டைல் ஆல்கஹால். 49 டிகிரிவரை கெட்டி மெழுகு, மணமில்லை, கையில் எடுத்தால் சிறு வெள்ளைச் செதில்கள். பதினெட்டில் ஸ்டீரைல் ஆல்கஹால். கிரேக்கத்தில் 'ஸ்டியர்' என்றால் விலங்குக் கொழுப்பு. இருபத்திரண்டில் பெஹனைல் ஆல்கஹால். 'பென் எண்ணெய்' என்று ஐரோப்பியர் அழைத்த எண்ணெயிலிருந்து வந்த பெயர் அது. பென் எண்ணெய் என்றால் நம் கொல்லையில் நிற்கும் முருங்கையின் விதையெண்ணெய்.

இப்போது ஏரிக்குத் திரும்பலாம். எத்தனாலை ஏரியில் ஊற்றினால் கரைந்து காணாமல் போகும். சீட்டைல் ஆல்கஹாலோ தலையை மட்டும் நீரில் முக்கி, நீண்ட வாலைக் காற்றில் நிமிர்த்தி, நெல் நாற்றங்கால்போல் நெருக்கமாக அணிவகுத்து நிற்கும். அந்த வால்களின் நெரிசலுக்குள் புகுந்து வெளியேறத் தண்ணீர் மூலக்கூறு திணறுகிறது. ஒரே ஒரு மூலக்கூறு உயரமுள்ள படலம் என்பதால் ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பை மூட, கணக்குப்படி, ஏறத்தாழ 20 கிராம் போதும். காற்று கலைக்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் நிறைய வேண்டியிருக்கும்.

குட்டை வால்காரர்கள் தோலில் என்ன செய்கிறார்கள்? நம் தோலின் வெளி அடுக்கு ஒரு தாளைவிடப் பல மடங்கு மெல்லியது. தட்டையான இறந்த செல்கள் செங்கல்போல் அடுக்கப்பட்டிருக்க, இடையில் கொழுப்புப் பொருட்கள் காரைபோல் பூசப்பட்டிருக்கின்றன. உடலின் நீர் வெளியே கசியாமல் தடுப்பது அந்தக் காரைதான். எத்தனாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் அதற்குள் நுழைந்து, இறுக்கமாக அடுக்கியிருக்கும் கொழுப்பை நெகிழ்த்துகின்றன. கொஞ்சத்தைக் கரைத்து மேலே கொண்டுவருகின்றன. பிறகு தாம் மட்டும் ஆவியாகிப் போய்விடுகின்றன. ஒருமுறை தேய்த்தால் தோல் தாங்கிக்கொள்ளும். இவை கூடுதலாக உள்ள டோனரைக் காலையும் மாலையும் மாதக்கணக்கில் முகத்தில் ஒற்றினால், ஏற்கெனவே வறண்ட தோல் மேலும் இழுத்துப் பிடிக்கும்.

எரிச்சலுக்கு மட்டும் வேறொரு காரணம் இருக்கிறது. நம் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஓர் உணர்வி உண்டு. சாதாரணமாக 42 டிகிரியைத் தாண்டினால்தான் அது 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். எத்தனால் பட்டதும் அந்த எல்லை 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் உடலின் சூடே அதைவிட அதிகம். சிராய்த்த இடத்தில் ஸ்பிரிட் பட்டதும் தீப்பட்டதுபோல் துடிக்கிறோமே, அந்த நொடியில் நம்மைச் சுடுவது நம் உடம்பின் சொந்த வெப்பம். மிளகாயின் காரத்தை உணர்வதும் இதே உணர்விதான்.

ஆனாலும் எத்தனாலை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. கொரோனா காலத்தில் நாம் கையில் தேய்த்த கிருமிநாசினியை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட செய்முறையில் நூற்றுக்கு 80 பங்கு எத்தனால். அதோடு கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு, நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கிளிசரின். தோல் வறளாமல் இருக்கவே அந்தக் கிளிசரின் சேர்க்கப்படுகிறது. கிளிசரினும் ஆல்கஹால் குலம்தான். மூன்று கார்பன்மேல் மூன்று OH. மூன்று தலைகளும் தண்ணீரைப் பற்றிக்கொள்வதால் அது பறந்து போகாது, தோலின்மேல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஓர் ஆல்கஹால் எடுத்துப் போவதை இன்னோர் ஆல்கஹால் ஈடு செய்கிறது. நாளெல்லாம் கை சுத்தம் செய்யும் செவிலியரிடையே நடந்த ஆய்வுகளில், இப்படிக் கிளிசரின் போன்றவை சேர்த்த ஆல்கஹால் திரவம், அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுவதைவிடத் தோலுக்கு இதமாகவே இருந்தது. எத்தனால் காரையை நெகிழ்த்தினாலும் அது அங்கேயே கிடக்கும். சோப்பு அதைத் தண்ணீரோடு அள்ளிக்கொண்டு சாக்கடைக்குப் போய்விடும்.

தங்கையின் களிம்புக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ளப் பிரிட்டனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் மருந்து ஏட்டில் 'அக்வியஸ் கிரீம்' என்ற எளிய களிம்பு உண்டு. விலை மலிவு. வறண்ட தோலுக்கும் எக்ஸிமாவுக்கும் அங்கே அதை நெடுங்காலம் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். அதன் நூறு கிராமைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி தண்ணீர். முப்பது கிராம் ஒரு களிம்புத்தளம். அந்த முப்பதில் பெரும்பங்கு பாரஃபின். மீதமுள்ள ஒன்பது கிராம், குழைவு தரும் மெழுகு. அந்த ஒன்பதில் ஏறக்குறைய எட்டு கிராம் சீட்டோஸ்டீரைல் ஆல்கஹால். அதாவது சீட்டைலும் ஸ்டீரைலும் சேர்ந்த கலவை. எஞ்சிய ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவானது சோடியம் லாரைல் சல்ஃபேட்.

எட்டு கிராம் மெழுகு என்ன வேலை செய்கிறது? எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது தெரிந்ததே. இரண்டையும் 70 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, மெழுகை உருக்கிச் சேர்த்துக் கலக்கி, மெல்ல ஆறவிடுகிறார்கள். ஆறும்போது கொழுப்பு ஆல்கஹால் மூலக்கூறுகள் தலைக்குத் தலை, வாலுக்கு வால் என்று இரட்டை வரிசைத் தட்டுகளாக அடுக்கிக்கொள்கின்றன. தட்டுகளுக்கு நடுவே தண்ணீர் சிறைப்படுகிறது. பால்போல் ஓடிய திரவம் கெட்டியான வெள்ளைக் களிம்பாகிறது. நாம் கிரீம் என்று விரலால் வழித்தெடுப்பதன் உடம்பே இந்த அடுக்குதான். சீட்டைலை மட்டும் தனியாகப் போட்டால் முதல் நாள் நன்றாக இருக்கும். நாளடைவில் மெழுகு தனியே படிகமாகி, களிம்பு நீர்த்துப்போய், விரலில் மணல்போல் நெருடும். ஸ்டீரைலும் கலந்தால் அடுக்கு நீண்டகாலம் நிலைக்கிறது. டியூப்களில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்த பெயரே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த அக்வியஸ் கிரீமைத் தடவிய குழந்தைகள் பலர் எரிகிறது என்று அழுதார்கள். 2010இல் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நலமான தோலுடைய சிலரின் முன்கையில் நான்கு வாரம் அதைத் தடவச் சொல்லி அளந்தார்கள். தோலின் வெளி அடுக்கு பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருந்தது, தோல் வழியே நீர் கசிவதும் கூடியிருந்தது. ஈரத்தைக் காக்க வந்த களிம்பு வேலியை மேய்ந்திருக்கிறது. 2013இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குறிப்பாக எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு இது எரிச்சல் தரக்கூடும் என்று எச்சரித்தது.

பெயரை மட்டும் பார்க்கிறவர் உடனே அந்த எட்டு கிராம் ஆல்கஹாலைத்தான் பிடிப்பார். எச்சரிக்கை சுட்டிக்காட்டியதோ ஒரு கிராமைக்கூட எட்டாத சோடியம் லாரைல் சல்ஃபேட்டை. அது நுரை தரும் சலவைப் பொருள். தோல் ஆய்வகங்களில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்க வேண்டுமானால் அதைத்தான் பூசுவார்கள். கழுவி விடும் சோப்பில் அது இருப்பது ஒரு மாதிரி. இரவெல்லாம் தோலில் தங்கும் களிம்பில் இருப்பது வேறு மாதிரி.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சலவைப் பொருளைத் தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து கிடைக்கும் லாரைல் ஆல்கஹாலிலிருந்துதான் செய்கிறார்கள். அதன் OH தலையில் சல்ஃபேட்டை ஏற்றியதும் மெழுகின் உறவு நுரைக்கும் பொருளாக மாறிவிடுகிறது, பெயரிலிருந்து ஆல்கஹால் என்ற சொல்லும் மறைந்துவிடுகிறது. பயப்பட வேண்டாத இடத்தில் அந்தச் சொல் நிற்கிறது. கவனிக்க வேண்டிய இடத்தில் காணோம்.

'ஆல்கஹால் இல்லாதது' என்று முகப்பில் அச்சிட்ட புட்டியை வாங்கி, பின்புறம் சீட்டைல் ஆல்கஹால் என்று பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்கள் பலர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விளக்கப்படி அங்கே அந்த வாசகத்துக்கு எத்தில் ஆல்கஹால் இல்லை என்பதே பொருள். கொழுப்பு ஆல்கஹால்கள் இருக்கலாம். மார்க்க ஒழுக்கத்துக்காக மதுவைத் தவிர்ப்பவர்களுக்கும் இது உதவும்: கொழுப்பு ஆல்கஹால் போதை தருவதல்ல. ஆனால் அவர்களும் சைவ உணவுக்காரர்களும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இன்று இவை பெரும்பாலும் பனைவகை எண்ணெய்களிலிருந்து வந்தாலும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்க முடியும். எதிலிருந்து எடுத்தது என்று டியூப் சொல்லாது.

பட்டியலைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் உள்ள பொருட்களை எடை குறையும் வரிசையில் எழுத வேண்டும். ஒன்றும் அதற்குக் கீழும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். வெறும் 'ஆல்கஹால்', 'ஆல்கஹால் டினேட்', 'எஸ்.டி. ஆல்கஹால்', 'ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்' என்று இருந்தால் அவை குட்டை வால்காரர்கள். டினேட் என்பது யாரும் குடித்துவிடாதபடி கசப்புப் பொருள் போன்றவற்றைக் கலந்த எத்தனால். தண்ணீருக்கு அடுத்தே அது வந்தால் அளவு நிறைய. வறண்ட தோல்காரர் ஒதுங்கலாம். எண்ணெய் வழியும் தோல்காரருக்கு, சீக்கிரம் காயும் சன்ஸ்கிரீனில் அதுவே வசதியாகவும் இருக்கும். பல பட்டியல்களின் கடைசிப் பகுதியில் ஃபீனாக்ஸிஎத்தனால் என்று ஒன்று வரும். பெயரில் எத்தனால் இருந்தாலும் அது கெடாமல் காக்கும் பொருள். வழக்கமாக நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிச் சேர்ப்பதில்லை. ஆகவே அதற்குப் பின்னால் எழுதப்பட்டவை எல்லாம் ஒரு பங்குக்குள் அடங்கியவை என்று கொள்ளலாம். அங்கே ஒளிந்திருக்கும் எத்தனால் தோலை வறட்டும் அளவு இருக்காது.

நீண்ட வாலெல்லாம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல மாட்டேன். கம்பளி ஆட்டின் ரோமக் கொழுப்பிலிருந்து வரும் லனோலின் ஆல்கஹால் சிலருக்கு ஒவ்வாமை தரும். சீட்டோஸ்டீரைல் ஆல்கஹாலும் அரிதாகச் சிலருக்குத் தரும். காரை நெகிழ்ந்த வறட்சியைப்போல் இது இருக்காது. தடவி ஓரிரு நாளில் அதே இடத்தில் சிவந்து அரிக்கும், மறுபடி தடவினால் மறுபடி வரும். அப்படியானால் தோல் மருத்துவரிடம் ஒட்டுச் சோதனை செய்து பார்ப்பதே வழி.

இவ்வளவையும் தங்கையிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. "அந்த டியூபை எடுத்துட்டு வா, சோடியம் லாரைல் சல்ஃபேட்னு எங்கேயாவது இருக்கான்னு பாரு" என்றேன். எழுத்துக்கூட்டிப் படித்தாள். இல்லை. அந்த இடத்தில் சீட்டோமேக்ரோகால் என்று இருந்தது. சீட்டைல், ஸ்டீரைல் ஆல்கஹால்களின் தலையிலேயே நீரை விரும்பும் நீண்ட சங்கிலியைக் கோத்துச் செய்த, தோலுக்கு இதமான குழைப்புப் பொருள் அது. அதன் பெயரிலும் முதலில் நிற்பது திமிங்கிலம்தான்.

"அப்போ குளிச்சதும் தடவிடவா?" என்று கேட்டாள். ஈரம் முழுதும் காய்வதற்குள் தடவு என்றேன்.